கிவ்அவே போஸ்ட் தூக்கப்பட்டதா? அறிகுறியை வைத்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழி

ஒரு சிறிய காட்டன் புடவைக் கடை பொங்கலுக்கு முன்னால் இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் சேர்த்து இப்படி ஒரு போஸ்ட் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

> பொங்கல் கிவ்அவே! 3 பேருக்குக் கண்டாங்கிப் புடவை, ஒருவருக்கு ரூ.5,000 ரொக்கம்! கலந்துக்க என்ன பண்ணணும்? பேஜை லைக் பண்ணி ஃபாலோ பண்ணுங்க. இந்த போஸ்டை உங்க டைம்லைன்லயும் ஸ்டோரியிலயும் ஷேர் பண்ணுங்க. 5 ஃப்ரெண்ட்ஸை டேக் பண்ணுங்க. எத்தனை கமெண்ட் வேணும்னாலும் போடலாம், கமெண்ட் கூடக் கூட சான்ஸ் கூடும்! இந்த மாசம் 999 ரூபாய்க்கு மேல வாங்கினவங்களுக்கு டபுள் சான்ஸ்!

நம் ஊர்ப் பக்கங்களில் தினமும் பார்க்கிற போஸ்ட்தான். இதில் கடைக்காரர் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை, புடவையும் உண்மையிலேயே கையில் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வரியும் ஏதாவது ஒரு விதியில் இடிக்கிறது. எந்த வரி இடித்தது என்பதைப் பொறுத்துக் கடைக்காரருக்குத் தெரியும் அறிகுறி மாறும். ஒருவருக்கு போஸ்ட் காணாமல் போகும், இன்னொருவருக்கு போஸ்ட் இருக்கும் ஆனால் யாருக்கும் போகாது, மூன்றாமவருக்குக் கமெண்டுக்குப் பதில் போடவே முடியாது. ஆகவே அறிகுறியிலிருந்து தொடங்குவோம்.

அதற்கு முன் ஒரு வேலை. போஸ்ட் போய்விட்டது என்று தெரிந்ததும் அதே படத்தையும் அதே வாசகத்தையும் மறுபடி ஏற்றாதீர்கள். பதற்றத்தில் எல்லோரும் செய்வது அதுதான். நீக்கியதையே திரும்பப் போட்டால் அது இரண்டாவது மீறலாகக் கணக்கில் ஏறலாம், அப்போது பிரச்சினை போஸ்டை விட்டு அக்கவுண்டுக்குப் போகும். வந்த அறிவிப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இன்ஸ்டாகிராமில் உங்கள் ப்ரொஃபைலின் மூன்று கோடு மெனுவுக்குள் Account Status பக்கத்தைத் திறந்து பாருங்கள். எது நீக்கப்பட்டது, எது பரிந்துரையில் வராது, எந்த வசதி உங்களுக்கு முடக்கப்பட்டிருக்கிறது என்பது அங்கே தனித்தனியாக இருக்கும். ஃபேஸ்புக்கில் Support Inbox-க்கு வந்த செய்தியைப் படியுங்கள். கீழே சொல்லும் அறிகுறிகளில் உங்களுடையது எது என்பது பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களிலேயே தெரிந்துவிடும்.

## போஸ்ட் நீக்கப்பட்டது, காரணம் ஸ்பாம் என்று வந்தது

முதலில் பரிசைப் பாருங்கள், அதில் ரொக்கம் இருக்கிறதா என்று. லைக், ஃபாலோ, கமெண்டுக்குப் பதிலாகப் பணமோ பணப் பரிசோ தருவதாகச் சொல்லக் கூடாது என்று இன்ஸ்டாகிராம் தன் சமூக விதிகளில் நேரடியாகவே எழுதியிருந்தது. நம் உதாரணத்தில் 5,000 ரூபாய் ரொக்கமும் "ஃபாலோ பண்ணுங்க"வும் ஒரே போஸ்டில் நிற்கின்றன. பணம் அனுப்புகிறேன் என்று ஆசை காட்டும் மோசடிப் பக்கங்கள் எழுதுவதும் கிட்டத்தட்ட இதே வாசகம்தான். கடை உண்மையானதா என்று போஸ்டை வடிகட்டும் இயந்திரத்துக்குத் தெரியாது, அதன் கண்ணில் படுவது வாசகம் மட்டும்தான். ஜிபே, கிஃப்ட் கார்டு, ரீசார்ஜ் என்று பெயரை மாற்றினாலும் பணத்தின் வாசனை போகாது. பரிசை உங்கள் கடையின் பொருளாக வைத்துக்கொள்வதே நல்லது. ஐபோன் வேண்டாம். வேறு கம்பெனியின் பொருளையும் அதன் விளம்பரப் படத்தையும் வைத்த கிவ்அவே போலிகளுக்கே உரிய வடிவம்.

ரொக்கம் இல்லையென்றால் அடுத்து நுழைவு நிபந்தனையைப் பாருங்கள். லைக், ஃபாலோ, ஷேர் ஆகியவற்றைப் பொருளுக்கு மாற்றாக வாங்குவதையும் விற்பதையும், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் இரண்டையும் நடத்தும் மெட்டாவின் ஸ்பாம் விதி தடுக்கிறது. போட்டி நடத்துவதற்குத் தடை இல்லை, அதற்கென்று தனி விதிகளே இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கோடுதான் பலருக்குப் பிடிபடுவதில்லை. கலந்துகொள்பவர் ஏதாவது ஒன்றைத் தருகிறார், அதாவது பதில் சொல்கிறார், படம் அனுப்புகிறார், நாலு வரி எழுதுகிறார் என்றால் அது போட்டி. அவர் தருவது உங்கள் பக்கத்தின் எண்ணிக்கையை ஏற்றும் ஒரு தட்டல் மட்டும் என்றால், நீங்கள் பரிசு கொடுத்து எண்ணிக்கை வாங்குகிறீர்கள். ஃபாலோ கேட்கும் கிவ்அவே பல நாள் ஒன்றும் ஆகாமல் ஓடுவதுண்டு. பக்கத்து வீட்டுக் கடையின் போஸ்ட் நிற்கிறதே என்று அதை ஆதாரமாகக் காட்டி வாதாட முடியாது.

மூன்றாவது காரணம் ஃபேஸ்புக்குக்கு மட்டும் உரியது. அதிகம் பேர் மாட்டுவது இதில்தான். இன்ஸ்டாகிராமில் போடும் போஸ்டைத் தானாக ஃபேஸ்புக்கிலும் போகும்படி வைத்திருப்போம். ஆனால் இரண்டு இடத்திலும் போட்டிக்கான விதி ஒன்றல்ல. ஃபேஸ்புக்கில் போட்டியை பேஜ், குரூப், ஈவென்ட் அல்லது ஆப்பில் நடத்தலாம். தனிநபர் டைம்லைனையும் நட்புத் தொடர்பையும் போட்டிக்குப் பயன்படுத்தக் கூடாது. "உங்க டைம்லைன்ல ஷேர் பண்ணுங்க", "ஃப்ரெண்ட் டைம்லைன்ல போட்டா கூடுதல் வாய்ப்பு", "கலந்துக்க நண்பர்களை டேக் பண்ணுங்க" என்ற மூன்று வகையையுமே கூடாதவற்றுக்கு உதாரணமாக அந்த விதி சொல்கிறது. இன்ஸ்டாகிராமின் போட்டி விதியில் தடுக்கப்படுவது தவறான டேக். படத்தில் இல்லாதவரைப் படத்தில் இருப்பதாக டேக் செய்யச் சொல்லக் கூடாது. கமெண்டில் நண்பரின் பெயரைக் குறிப்பிடச் சொல்வதை அந்த விதி பெயர் சொல்லித் தடுக்கவில்லை. ஆகவே இன்ஸ்டாகிராமில் தப்பித்த அதே வாசகம் ஃபேஸ்புக்கில் மீறலாகிறது. போட்டி போஸ்டுக்கு மட்டுமாவது தானாகப் பகிர்வதை நிறுத்திவிட்டு, ஃபேஸ்புக்குக்குத் தனி வாசகம் எழுதுங்கள்.

வீட்டிலிருந்து விற்பவர்கள் பலர் பேஜ் இல்லாமல் சொந்த ப்ரொஃபைலிலேயே கிவ்அவே நடத்துகிறார்கள். மேலே சொன்ன விதிப்படி வாசகம் சுத்தமாக இருந்தாலும் அந்த இடமே தவறு. பேஜ் ஒன்று திறப்பதைத் தவிர இதற்கு வேறு மருந்து இல்லை.

இணையத்தில் தேடினால் இதில் முரணான பதில்கள் கிடைக்கும். "போட்டியை ஆப் வழியாகத்தான் நடத்த வேண்டும்" என்று சில பழைய கட்டுரைகள் சொல்லும். அது 2013 ஆகஸ்டுக்கு முந்தைய நிலை. அப்போதுதான் பேஜ் போஸ்டில் கமெண்ட், லைக் வழியாகவும் பேஜுக்கு மெசேஜ் அனுப்பச் சொல்லியும் நுழைவுகளைப் பெறலாம் என்று ஃபேஸ்புக் தளர்த்தியது. "பேஜை லைக் செய்தால்தான் நுழைவு" என்று பூட்டி வைக்கும் வழக்கத்தை 2014 நவம்பரில் தடை செய்தார்கள். எந்த யோசனையைப் படித்தாலும் அது எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுபரிசீலனை கேட்கலாமா? மேலே சொன்ன மூன்றில் ஒன்றும் உங்கள் வாசகத்தில் இல்லையென்றால் கேளுங்கள், தவறாக நீக்கியவை திரும்பி வருவதுண்டு. ஒன்றாவது இருக்கிறது என்றால் அதில் நேரம் செலவழிக்காமல் புதிய வாசகத்தோடு புதிய போஸ்ட் போடுவதே மேல்.

## சூதாட்டம் என்று சொல்லி நீக்கினார்கள்

புடவைக் கடைக்காரருக்கு இந்த அறிவிப்பு வந்தால் கோபம்தான் வரும். "நான் என்ன சீட்டாட்டமா நடத்துகிறேன்?" என்பார். காரணம் "999 ரூபாய்க்கு மேல வாங்கினவங்களுக்கு டபுள் சான்ஸ்" என்ற கடைசி வரியில் இருக்கிறது. நுழைவதற்கும் பண மதிப்புள்ள ஒன்று, பரிசாகவும் பண மதிப்புள்ள ஒன்று என்றால் அது பந்தயம் என்பதே மெட்டாவின் பார்வை. பில் நம்பரை கமெண்டில் போடச் சொல்வது, 100 ரூபாய் கட்டி டோக்கன் எடுக்கச் சொல்லி லைவில் குலுக்குவது எல்லாம் இதே கூடைதான். யூடியூபும் தன் போட்டி விதியில் நுழைவு இலவசமாக இருக்க வேண்டும் என்கிறது.

இதை வெறும் தள விதி என்று நினைத்துவிடக் கூடாது. தமிழ்நாட்டில் லாட்டரி 2003 ஜனவரியில் தடை செய்யப்பட்டது. பணம் கட்டி, அதிர்ஷ்டத்தால், பரிசு என்ற மூன்றும் சேர்ந்தால் லாட்டரியின் லட்சணம் வந்துவிடும். டோக்கன் புடவைக் குலுக்கலில் மூன்றும் இருக்கின்றன. போஸ்ட் நிற்கிறதா போகிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். வாங்கியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றால் எல்லோருக்கும் ஒரே மாதிரித் தள்ளுபடியோ சிறு அன்பளிப்போ கொடுங்கள். அதில் அதிர்ஷ்டம் இல்லை, அதனால் இந்தச் சிக்கலும் இல்லை.

## போஸ்ட் இருக்கிறது, ஆனால் யாருக்கும் போகவில்லை

அறிவிப்பு இல்லை, நீக்கமும் இல்லை. வழக்கமாக ஒரு போஸ்ட் போகிற தூரத்தில் கால்வாசிகூடப் போகவில்லை. எல்லோரும் உடனே "ஷேடோ பேன்", அதாவது சொல்லாமலே கணக்கை மறைத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிடுவார்கள். முதலில் Account Status-இல் பரிந்துரை தொடர்பான பகுதியைப் பாருங்கள். அங்கே ஏதாவது குறி இருந்தால் பிரச்சினை அக்கவுண்டில். எல்லாம் பச்சையாக இருந்தால் பிரச்சினை பெரும்பாலும் அந்த ஒரு போஸ்டின் வாசகத்தில்.

2017 டிசம்பரில் ஃபேஸ்புக் ஒன்றை அறிவித்தது. லைக் போடு, ஷேர் செய், நண்பனை டேக் செய், கமெண்ட் போடு, ஓட்டுப் போடு என்று தூண்டில் போடும் போஸ்டுகளை நீக்காமல் கீழே இறக்குவோம் என்றது. அடிக்கடி இதையே செய்யும் பேஜின் மற்ற போஸ்டுகளும் சேர்ந்து இறங்கும் என்றும் சொன்னது. நம் உதாரணப் போஸ்டில் அந்த ஐந்தில் நான்கு இருக்கின்றன. அதாவது போட்டி விதியில் தப்பித்தாலும் இந்த வலையில் விழும். நீக்கம் என்றால் கடிதம் வரும், இறக்கம் என்றால் வராது. அதனால்தான் இது குழப்புகிறது.

உறுதி செய்துகொள்ள ஒரு எளிய சோதனை உண்டு. அதே வாரத்தில் போட்டி பற்றிப் பேசாத ஒரு சாதாரணப் புடவைப் படம் போடுங்கள். அது வழக்கம்போலப் போனால் அக்கவுண்ட் நன்றாகத்தான் இருக்கிறது, கிவ்அவே வாசகம்தான் இறக்கப்பட்டிருக்கிறது. இங்கே போஸ்டை அழிக்க வேண்டாம், கேப்ஷனைத் திருத்தலாம். கட்டளைகளை எடுத்துவிட்டு ஒரு கேள்வியை வையுங்கள். ஏற்கெனவே கலந்துகொண்டவர்களுக்கு நிபந்தனை மாறியதையும் அவர்கள் நுழைவு செல்லும் என்பதையும் கமெண்டில் சொல்லி, அது மேலேயே நிற்கும்படி பின் செய்யுங்கள். இறங்கிய ரீச் முழுவதும் திரும்பி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். போஸ்டுக்குச் சூடு பிடிக்கும் முதல் சில மணி நேரம் போய்விட்டது.

காசு கொடுத்து பூஸ்ட் செய்தால் சரியாகிவிடும் என்று முயல்பவர்கள் உண்டு. விளம்பரத்துக்கான சரிபார்ப்பு சாதாரண போஸ்டுக்கானதைவிடக் கறாரானது. அதே வாசகம் அங்கே நிராகரிக்கப்பட்டால் விளம்பரக் கணக்கிலும் ஒரு கரும்புள்ளி விழும். வாசகத்தை மாற்றிய பிறகு பூஸ்ட் செய்யுங்கள்.

## பதில் போட முடியவில்லை, மெசேஜ் போகவில்லை

Try Again Later என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். போஸ்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது உங்கள் கை வேகத்துக்கு விழுந்த பூட்டு. நூறு கமெண்டுக்கும் "கலந்துகொண்டதற்கு நன்றி! ஆல் தி பெஸ்ட்" என்று ஒரே வாசகத்தை ஒட்டிக்கொண்டே போயிருப்பீர்கள். அல்லது அறிமுகமில்லாத பலருக்கு ஒரே மெசேஜ் அனுப்பியிருப்பீர்கள். தானாகப் பதில் போடும் ஏதாவது ஆப்புக்குப் பாஸ்வேர்டு கொடுத்திருந்தாலும் இதே கதைதான்.

உடனே கையை எடுத்துவிடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முயன்றுகொண்டே இருந்தால் பூட்டு நீளும். அமைப்புகளில் Apps and websites பகுதிக்குப் போய்த் தெரியாத ஆப்புகளின் அனுமதியை நீக்குங்கள், பாஸ்வேர்டு கொடுத்திருந்தால் மாற்றுங்கள். பூட்டு தானாகத்தான் விலகும், சில மணி நேரமும் ஆகலாம், சில நாட்களும் ஆகலாம். முடிவு அறிவிக்கும் நாளில் இது வந்தால் வெற்றியாளருக்கு மெசேஜ் போகாது, கலந்துகொண்டவர்கள் "ஏமாத்திட்டாங்க" என்று ரிப்போர்ட் செய்யத் தொடங்குவார்கள். அதனால் ஓட்டத்தையே திருப்பி வையுங்கள். நீங்கள் வெற்றியாளருக்கு மெசேஜ் அனுப்பாதீர்கள். பெயரைப் போஸ்டில் அறிவித்து, அவரையே உங்களுக்கு மெசேஜ் அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் கணக்கு அமைதியாக இருக்கும். அறிமுகமில்லாதவரின் மெசேஜ் என்று உங்கள் செய்தி அவருடைய கோரிக்கைப் பெட்டியில் புதைந்துபோவதும் நடக்காது. அடுத்த அறிகுறிக்கும் இதுவே பாதி மருந்து.

## உங்கள் பெயரில் வேறு யாரோ பரிசு அறிவிக்கிறார்கள்

கிவ்அவே சூடு பிடித்ததும் உங்கள் படத்தையும் பெயரையும் வைத்து ஒரு புதிய அக்கவுண்ட் முளைக்கும். பெயரில் கூடுதலாக ஓர் அடிக்கோடு இருக்கும், அல்லது ஓர் எழுத்து இரட்டித்திருக்கும். கமெண்ட் போட்ட ஒவ்வொருவருக்கும் "வாழ்த்துகள், நீங்கள் வென்றுவிட்டீர்கள், கூரியர் செலவு 250 ரூபாய் அனுப்புங்கள்" என்று செய்தி போகும். பணத்தை இழந்தவர் போலிக் கணக்கைத் தேடிப் போக மாட்டார், உங்களிடம்தான் வருவார். உங்கள் போஸ்டையே மோசடி என்று ரிப்போர்ட் செய்வார். ஒழுங்காக எழுதிய போட்டி போஸ்டும் சில நாள் கழித்துத் திடீரென்று நீக்கப்படும்போது இந்தக் கோணத்தையும் பாருங்கள்.

அடையாளம் எளிது. "நீங்கதான் மெசேஜ் பண்ணீங்களா?" என்று இரண்டு பேர் கேட்டாலே போதும். அவர்களிடம் அந்த அக்கவுண்டின் பெயரை ஸ்கிரீன்ஷாட்டோடு வாங்குங்கள். போலி உங்களை பிளாக் செய்திருக்கலாம், அதனால் உங்கள் தேடலில் அது வராது, வீட்டில் வேறொருவர் போனிலிருந்து தேடுங்கள். அந்த ப்ரொஃபைலில் ரிப்போர்ட் கொடுக்கும்போது ஸ்பாம் என்று கொடுக்காமல் வேறொருவராக நடிக்கிறார் என்பதைத் தேர்ந்தெடுத்து உங்கள் கணக்கைக் காட்டுங்கள். போலியின் கமெண்ட் உங்கள் போஸ்டில் இருந்தால் நீக்குங்கள். போஸ்டின் முதல் கமெண்டாக "எங்கள் ஒரே கணக்கு இதுதான், பணமோ ஓடிபியோ லிங்க்கோ அனுப்ப மாட்டோம்" என்று எழுதிப் பின் செய்யுங்கள். யாராவது பணம் இழந்திருந்தால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள், cybercrime.gov.in தளத்திலும் புகார் கொடுக்கலாம்.

## கணக்கெடுத்தால் நுழைவு குறைகிறது

முன்னூறு கமெண்ட் என்று மேலே காட்டுகிறது, எண்ணினால் இருநூற்றுச் சொச்சம்தான் கிடைக்கிறது. ஃபேஸ்புக்கில் கமெண்டுகளைப் பொருத்தம் பார்த்துக் காட்டும் நிலையில் இருப்பீர்கள், All comments-க்கு மாற்றுங்கள். இன்ஸ்டாகிராமில் கமெண்டுகளின் அடியில் மறைக்கப்பட்டவை தனியாக இருக்கும். ஒரே ஆள் "டன் டன் டன்" என்று இருபது முறை போட்டால் வடிகட்டி சிலவற்றை ஒதுக்குவது இயல்பு. "எத்தனை கமெண்ட் வேணும்னாலும் போடலாம்" என்று எழுதியதன் பலன் இது. ஒருவருக்கு ஒன்று என்று வைத்தால் இந்தத் தலைவலி பாதி குறையும்.

ஸ்டோரி, ஷேர் நிபந்தனையில் இன்னொரு குழி இருக்கிறது. பூட்டிய கணக்கு வைத்திருப்பவர் ஸ்டோரியில் பகிர்ந்தால், அவரை ஃபாலோ செய்யாத உங்களுக்கு அது தெரியாது. ஃபேஸ்புக்கில் நண்பர்களுக்கு மட்டும் என்று பகிர்ந்ததும் அப்படித்தான். ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்தும் விடும். அதாவது நிபந்தனையை நிறைவேற்றினாரா என்று உங்களால் சரிபார்க்கவே முடியாது. விதி அனுமதித்தாலும்கூட, சரிபார்க்க முடியாத நிபந்தனையை வைப்பவர் சண்டையைத்தான் வாங்குகிறார்.

## யூடியூபில் நடத்தினால்

இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் கரு ஒன்றுதான். பார்வை, லைக், சப்ஸ்கிரைபர் எண்ணிக்கையைப் போட்டியை வைத்துச் செயற்கையாக ஏற்றக் கூடாது. நுழைவு இலவசமாக இருக்க வேண்டும். அனுப்பும் படைப்பின் முழு உரிமையையும் உங்களுக்கு எழுதித் தரும்படி கேட்கக் கூடாது. விதிமுறைகளை எழுதிக் கொடுத்து, யூடியூபின் சமூக விதிகளுக்கான இணைப்பை அதில் சேர்த்து, தகவல்களை எப்படிக் கையாள்வீர்கள் என்றும் சொல்ல வேண்டும். முதல் மீறலுக்குப் பொதுவாக எச்சரிக்கை வரும், அதன்பின் ஸ்டிரைக். 90 நாளுக்குள் மூன்று ஸ்டிரைக் வாங்கினால் சேனல் போய்விடும். ஒரு புடவைக்காக எடுக்கக்கூடிய ஆபத்து அல்ல அது.

## அதே போட்டியைத் திருத்தி எழுதினால்

நம் கடைக்காரரின் போஸ்டை இப்போது திருத்துவோம். ரொக்கம் போகிறது, வாங்கியவர்களுக்கான கூடுதல் வாய்ப்பு போகிறது, லைக், ஃபாலோ, ஷேர், டேக் நிபந்தனைகளும் போகின்றன. அவற்றின் இடத்தில் ஆட்களை எழுத வைக்கும் ஒரு கேள்வி வருகிறது.

> பொங்கல் போட்டி. உங்கள் வீட்டு பீரோவில் இருக்கும் பழைய புடவை ஒன்றைப் பற்றி மூன்று வரி கமெண்டில் எழுதுங்கள். எங்களுக்கு மிகவும் பிடித்த 3 கமெண்டுகளுக்கு ஆளுக்கொரு கண்டாங்கிப் புடவை, ஒவ்வொன்றின் விலை சுமார் ரூ.1,800. ஒருவருக்கு ஒரு கமெண்ட்தான். எதுவும் வாங்கத் தேவையில்லை, கூரியர் செலவும் எங்களுடையது. ஜனவரி 5 காலை 9 மணி முதல் ஜனவரி 11 இரவு 9 மணி வரை. இந்தியாவில் வசிக்கும் 18 வயது நிரம்பியவர்கள் கலந்துகொள்ளலாம். முடிவு ஜனவரி 13 அன்று இதே பக்கத்தில். இந்தப் போட்டியை நடத்துவது எங்கள் கடை மட்டுமே. மெட்டா, இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் இதற்கு ஆதரவளிக்கவில்லை, இதை நடத்தவுமில்லை. கலந்துகொள்பவர்கள் இது தொடர்பாக அவற்றுக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்று ஒப்புக்கொள்கிறார்கள்.

கடைசி மூன்று வாக்கியங்கள் அலங்காரத்துக்கு அல்ல. போட்டிக்கும் தளத்துக்கும் தொடர்பில்லை என்பதையும், கலந்துகொள்பவர் தளத்தைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கிறார் என்பதையும் சொல்லியாக வேண்டும் என்று இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் இரண்டின் போட்டி விதியும் கேட்கிறது. கேப்ஷன் நீளமாகத் தெரிந்தால் முழு விதிமுறையை ஒரு பக்கத்தில் எழுதி பயோவில் இணைப்புக் கொடுக்கலாம், ஆனால் தேதி, தகுதி, இந்த அறிவிப்பு மூன்றும் போஸ்டிலேயே இருக்கட்டும். பரிசை வேறொரு கடை கொடுத்து நீங்கள் அதை விளம்பரப்படுத்துவதாக இருந்தால் Paid partnership அடையாளமும் வேண்டும்.

ஃபாலோவர் கூட மாட்டார்களே என்பார்கள். கேப்ஷனின் முடிவில் "புதிய வரவுகளைப் பார்க்க விரும்பினால் எங்களைத் தொடரலாம்" என்று எழுதலாம், அது நிபந்தனை இல்லை. இலவசத்துக்காக வந்த ஃபாலோவர் முடிவு அறிவித்த மறுநாள் போய்விடுவார். புடவையைப் பற்றி மூன்று வரி எழுதியவர் அப்படிப் போவது குறைவு என்பது என் கணிப்பு.

நடுவர் தேர்வு வேண்டாம், குலுக்கல்தான் வேண்டும் என்பவர்கள் பாஸ்வேர்டு கேட்கும் ஆப் பக்கம் போக வேண்டாம். கமெண்ட் போட்டவர்களின் பெயர்களை கூகுள் ஷீட்டில் A2 முதல் ஒட்டுங்கள். முதல் வாய்ப்பாட்டை B2-இல் இடுங்கள், ஒரே பெயர் பலமுறை இருந்தால் ஒன்றாக்கித் தரும். இரண்டாவதை D2-இல் இடுங்கள், அது ஒரு பெயரை எடுத்துத் தரும்.

```
=UNIQUE(A2:A500)
=INDEX(B2:B500, RANDBETWEEN(1, COUNTA(B2:B500)))
```

ஷீட்டில் எங்கே எதைத் தட்டினாலும் இந்தப் பெயர் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே தொடக்கத்திலிருந்து திரையைப் பதிவு செய்யுங்கள், "முதலில் வருவதே முடிவு" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பதிவு இல்லாமல் ஒரு பெயரை அறிவித்தால், உங்களுக்குப் பிடித்த பெயர் வரும்வரை தட்டினீர்கள் என்று யாராவது சொல்வதை மறுக்க வழியில்லை.

முடிவு அறிவிப்பதில் சட்டமும் வருகிறது. பரிசுத் திட்டம் முடிந்த பிறகு இறுதி முடிவைக் கலந்துகொண்டவர்களிடம் தெரிவிக்காமல் வைத்திருப்பதை, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. விற்பனையைத் தூக்குவதற்காக நடத்தும் போட்டி, குலுக்கல்களும் அதே பிரிவில் இடம்பெறுகின்றன. மூன்று புடவைக்கு யாரும் கோர்ட்டுக்குப் போக மாட்டார்கள், ஆனால் ஸ்கூட்டர், தங்கக் காசு என்று போகிறவர்கள் முதலில் ஒரு வக்கீலைப் பார்ப்பது நல்லது. ஒரு குலுக்கல் பரிசின் மதிப்பு 10,000 ரூபாயைத் தாண்டினால் 30 சதவீத வரிப் பிடித்தம் என்ற கணக்கும் வந்துவிடும். பொருளாகக் கொடுத்தாலும் வரி கட்டப்பட்டதை உறுதி செய்த பிறகே கொடுக்க வேண்டும், அதற்கு ஆடிட்டர் வேண்டும்.

ஜனவரி 13 அன்று முடிவை ஸ்டோரியில் மட்டும் போடாதீர்கள், மறுநாள் அது இருக்காது. போட்டியை அறிவித்த அதே இடத்தில் தனி போஸ்டாகப் போடுங்கள். பழைய போஸ்டின் கேப்ஷனிலும் "போட்டி முடிந்தது, வென்றவர்கள்" என்று பெயர்களைச் சேருங்கள், தாமதமாக வருபவர்கள் கமெண்ட் போட்டுக்கொண்டே இருப்பது நிற்கும். வென்றவர் மூன்று நாளுக்குள் தொடர்புகொள்ளவில்லை என்றால் அடுத்தவருக்குப் போகும் என்பதை விதிமுறையிலேயே எழுதியிருக்க வேண்டும், அப்புறம் சேர்த்தால் ஏற்க மாட்டார்கள். முகவரியையும் போன் நம்பரையும் கமெண்டில் கேட்காமல் மெசேஜில் வாங்குங்கள், கூரியர் போய்ச் சேர்ந்ததும் அந்த விவரங்களை அழித்துவிடுங்கள். கூரியர் ரசீதையும் திரைப்பதிவையும் மட்டும் எடுத்து வையுங்கள். யாராவது ரிப்போர்ட் செய்து போஸ்ட் மறுபடி கேள்விக்குள்ளானால் கையில் காட்ட அவைதான் இருக்கும்.